எங்க ஊருக்கு வந்து கேம்ப் நடத்தின டாக்டருங்க எல்லாருக்கும் ஊர் ஜனங்க சொல்ற நன்றி

வணக்கம் டாக்டர் சார், வணக்கம் டாக்டரம்மா, கூட வந்த நர்ஸம்மாங்க, ரத்தம் எடுத்த லேப் தம்பிங்க, மாத்திரை பிரிச்சு குடுத்த பொண்ணுங்க, வேன் ஓட்டிட்டு வந்த அண்ணன், எல்லாருக்கும் பென்னாகரம் பக்கத்துல இருந்து எங்க ஊர் ஜனங்களோட பெரிய கும்பிடு. நான் மகளிர் குழு நோட்டு எழுதுறவ, குழு கூட்டத்துல எல்லாரும் ஆளாளுக்கு சொல்ல சொல்ல டைப் பண்றேன், அதனால முன்ன பின்ன இருக்கும். அன்னைக்கு நீங்க கிளம்பும்போது இருட்டிடுச்சு, ஊர் பெரியவங்க ஒரு துண்டு போட்டு ரெண்டு வார்த்தை பேசினாங்க அவ்ளோதான், அது பத்தவே பத்தாதுன்னு எல்லாருக்கும் மனசுல இருந்துச்சு. அதோட நீங்க பாத்து அனுப்பினவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கும் தெரியணும்ல.

முதல்ல அந்த பையன் விஷயம். ஆறாவது படிக்கிறானே, பல்லு காட்ட வந்த பையன், வரிசையில நிக்கும்போது மூச்சு வாங்குறத பாத்துட்டு சின்ன டாக்டரம்மா அவங்களா கூப்பிட்டு நெஞ்சுல ஸ்டெத் வெச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க, அப்புறம் பெரிய டாக்டர கூப்பிட்டு அவரும் கேட்டாரு. அவனோட அம்மா அப்பவே பயந்துட்டா. நீங்க லெட்டர் எழுதி குடுத்த மாதிரியே தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி எக்கோ எடுத்தாங்க, இதயத்துல ஓட்டை இருக்குன்னு சொல்லிட்டாங்க, ஆபரேஷன் பண்ணா நல்லா ஆயிடுவான்னும் சொல்லியிருக்காங்க. முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல பண்றதுக்கு பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு, தேதிக்கு காத்திருக்காங்க. இத்தன வருஷமா அவன் ஓடி விளையாடாம ஓரமா உக்காந்திருந்தா சோம்பேறின்னுதான் எல்லாரும் சொன்னோம், ஸ்கூல்லயும் அப்படித்தான். அவன் அம்மா உங்ககிட்ட சொல்ல சொன்னது ஒன்னே ஒன்னுதான், எங்க பையன் பல்லு காட்டத்தான் வந்தான், நீங்க அவன முழுசா பாத்தீங்க.

அடுத்தது கண்ணு. புரை ஆபரேஷனுக்கு நீங்க பேர் எழுதினவங்கள பஸ் வெச்சு சேலம் கூட்டிட்டு போயி லென்ஸ் வெச்சு பத்திரமா கொண்டு வந்து விட்டுட்டாங்க, சாப்பாடு சொட்டு மருந்து கருப்பு கண்ணாடி எதுக்கும் ஒத்த பைசா வாங்கல. மேல் கொட்டாய் பாட்டி மட்டும் வரமாட்டேன்னு அழுதுச்சு, ஊசி குத்தி கண்ண வெளிய எடுத்துடுவாங்கன்னு யாரோ பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. பெங்களூர்ல இருந்து வந்த கண் டாக்டரம்மா அந்த பாட்டிகிட்ட கன்னடத்துலயே பேசினாங்க பாருங்க, அதுக்கு வீட்டு பாஷை கன்னடம்தான், அப்புறம் மறுபேச்சே பேசல. இப்ப தினமும் அரிசியில கல்லு பொறுக்குது, பேத்திய கூட நம்பி அந்த வேலைய குடுக்குறதில்ல.

சொல்லியே ஆகணும்னு எல்லாரும் சொன்ன இன்னொரு விஷயம், புளி அடிக்கிற வேலைக்கு போற எங்க குழு அக்காவோட கால். கட்டை விரல்ல புண்ணு, துணி சுத்திட்டு வந்தாங்க, வலிக்கவே இல்லன்னு சொன்னாங்க. சுகர் டாக்டர் சார் கீழ உக்காந்து அந்த துணிய அவரே அவுத்து, நாத்தம் அடிச்சும் மூஞ்சி சுளிக்காம கழுவி விட்டாரு. அப்புறம் நைலான் நூல் மாதிரி ஒன்ன எடுத்து பாதத்துல அங்கங்க தொட்டு, கண்ண மூடிட்டு தெரியுதா தெரியுதான்னு கேட்டாரு. தொடுறதே தெரியலன்னு அக்கா சொன்னதும், வலிக்காததுதான் ஆபத்து, சுகர் நரம்ப கெடுத்துடுச்சு, அதான் முள்ளு குத்தினாலும் தெரியாதுன்னு சுத்தி நின்ன எங்களுக்கும் சேத்து விளக்கினாரு. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா விரல எடுக்க வேண்டி வந்திருக்கும்னு சொன்னாரே, அந்த புண்ணு இப்ப சுருங்கிடுச்சு சார், பி.எச்.சி.ல கட்டு மாத்துறாங்க. அக்கா செருப்பில்லாம காட்டுல கால் வெக்கிறதில்ல, ராத்திரி படுக்கும்போது புருஷன் டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் பாக்குறாரு. எங்க ஊர்ல ஒரு ஆம்பள பொண்டாட்டி கால தொட்டு பாக்குறது புதுசு, அத நீங்கதான் தொடங்கி வெச்சீங்க.

ஊசி போடலன்னு அன்னைக்கு சில பேர் கோவப்பட்டாங்க, அது உங்களுக்கும் தெரியும். முட்டி வலின்னு வந்தவங்க எல்லாம் ஊசி கேட்டு சத்தம் போட்டாங்க, டாக்டருன்னா ஊசி போடணும்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு நெனப்பு. நீங்க ஊசிய போட்டு அனுப்பியிருந்தா சந்தோஷமா போயிருப்பாங்க, உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும். ஆனா நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பையில இருக்கிற மாத்திரைய எடுத்து காட்ட சொல்லி, இது கடையில சொல்லி வாங்குற வலி மாத்திரை, இத மாசக்கணக்கா போட்டா கிட்னி கெட்டுடும், சுகர் பிபி இருந்தா இன்னும் சீக்கிரம் கெடும்னு பொறுமையா சொன்னீங்க. அன்னைக்கு சத்தம் போட்ட ஒரு மாமாவுக்கு நீங்க எழுதி குடுத்த ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் கூட இருக்குன்னு வந்துச்சு, இப்ப தர்மபுரில பாத்துட்டு இருக்காரு, வலி மாத்திரைய விட்டுட்டாரு. அவரு இப்ப இங்கதான் உக்காந்திருக்காரு, அந்த டாக்டர்கிட்ட நான் பேசினத மனசுல வெச்சுக்க வேண்டாம்னு எழுது பாப்பான்னு சொல்றாரு.

எங்க புள்ளைங்க பல்லு பத்தி நீங்க பேசினது எங்களுக்கு ரொம்ப பெருசு. இந்த பக்கத்துல பல்லுல பழுப்பு கறை இல்லாத வீடு கம்மி. பல்லு விளக்காத புள்ளைங்கன்னு வெளியூர்ல கேலி பேசுவாங்க, கல்யாணத்துக்கு பொண்ணு பாக்க வந்தா சிரிக்க சொல்லி பாப்பாங்க. பல் டாக்டர் ஸ்கூல் போர்டுலயே எழுதி காட்டினாரு, போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு, ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, பல்லு உள்ள வளர்ற வயசுல அந்த தண்ணி குடிச்சதால வந்த கறை, தேய்ச்சா போகாது, உங்க புள்ளைங்க மேல தப்பு இல்லன்னு. வாய பொத்திக்கிட்டே பேசுற ஒரு பொண்ணு அன்னைக்கு முன் பெஞ்சுல இருந்துச்சு சார், அது அத கேட்டுட்டு வீட்டுக்கு போயி அவங்க அம்மாகிட்ட சொல்லி சொல்லி அழுதிருக்கு. 2013ல ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டம் வந்ததுல இருந்து காவிரி தண்ணி வருது, ஆனா வராத நாள்ல போர் தண்ணிய காய்ச்சி குடிச்சா போதும்னுதான் இருந்தோம். காய்ச்சினா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்ட சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்னு நீங்க சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது. இப்ப குழுவுல பேசி, ஆத்து தண்ணிய தனி குடத்துல புடிச்சு குடிக்கவும் சமைக்கவும் மட்டும், போர் தண்ணி குளிக்க துவைக்கன்னு பிரிச்சாச்சு. சின்ன புள்ளைங்களுக்கு பால், ராகி, முருங்கைக்கீரை, நெல்லிக்கா, கொய்யான்னு நீங்க சொன்னதெல்லாம் எங்க காட்டுலயே கெடைக்குது, அத வித்துட்டு புள்ளைங்களுக்கு பிஸ்கட் வாங்கி குடுத்துட்டு இருந்தோம்.

பொம்பளைங்க விஷயத்த தனியா சொல்லணும். எங்க அம்மா வயசு ஆளுங்க வெள்ளைப்படுறத பத்தி புருஷன்கிட்ட கூட வாய் தொறக்க மாட்டாங்க. நீங்க நாலாங்கிளாஸ் ரூம்ல சேலைய கட்டி மறைச்சு, ஆம்பளைங்க அந்த வராண்டா பக்கமே வரக்கூடாதுன்னு ஆள் போட்டு, ஒவ்வொருத்தரையும் உள்ள கூப்பிட்டு கதவ சாத்திட்டு கேட்டீங்க. கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எப்படி பண்ணுவாங்க, மருந்து தடவி ஒரு நிமிஷம் பாப்பாங்க அவ்ளோதான்னு முன்னாடியே டாக்டரம்மா சொன்னதால, முதல்ல போனவங்க வெளிய வந்து மத்தவங்கள இழுத்துட்டு போனாங்க. சந்தேகம்னு ரெண்டு பேர அனுப்பினீங்க, ஒருத்தருக்கு ஒன்னும் இல்ல, இன்னொருத்தருக்கு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு, சின்ன சிகிச்சைலயே முடிஞ்சுது, ஊர்ல யாருக்கும் பேர் சொல்லல, அவங்க சார்பா நான் கையெடுத்து கும்பிடுறேன்மா. ரத்தம் கம்மியா இருந்த பொண்ணுங்க எல்லாம் இரும்பு மாத்திரைய டீ கூட போடுறத நிறுத்திட்டு எலுமிச்ச தண்ணியோட போடுறாங்க. மாத்திரை போட்டா கருப்பா போகும் பயப்படாதீங்கன்னு நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க, இல்லன்னா பாதி பேர் குப்பைல போட்டிருப்பாங்க.

படிக்க தெரியாதவங்களுக்கு மாத்திரை கவர் மேல சூரியனும் நிலாவும் வரைஞ்சு குடுத்தீங்களே, அத பி.எச்.சி.ல காட்டினோம், அங்கயும் இப்ப அப்படியே வரைஞ்சு தர்றாங்க. பிபி 180ன்னு வந்தும் எனக்கு ஒன்னும் பண்ணல நான் நல்லாதான் இருக்கேன்னு சண்ட போட்ட மரவள்ளி காட்டு பெரியப்பாவும் மாத்திரை போடுறாரு, மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற அக்கா மாசாமாசம் வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்துட்டு பிபியும் பாத்துட்டு போறாங்க, போன தடவ 140க்குள்ள வந்துடுச்சு. பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய வெச்சு உறிஞ்சாதீங்க, ஆட்டாம அசைக்காம 108ல தூக்கி போடுங்கன்னு கடைசியா பசங்களுக்கு நடிச்சு காட்டினீங்க இல்ல, பசங்க இப்ப அதையே விளையாட்டா விளையாடுறாங்க, விளையாட்டுல கூட கயிறு கட்ட விடுறதில்ல.

நீங்க எல்லாரும் பந்தியில எங்களோட தரையில உக்காந்து களியும் கீரையும் சாப்பிட்டது சமைச்சவங்களுக்கு ரொம்ப பெருமை. களிய மெல்லாம முழுங்கணும்னு பெரியம்மா சொல்லி குடுக்க, டாக்டர் சார் இன்னொரு உருண்ட கேட்டு வாங்கினாரு. புளி, கடலை எல்லாம் மூட்ட கட்டி வெச்சிருந்தோம், வேண்டாம்னுட்டீங்க, வேக வெச்ச கடலை மட்டும் வேன்ல எடுத்துட்டு போனீங்க, அதுல கொஞ்சம் வருத்தம்தான் எங்களுக்கு. ரிஜிஸ்டர் எல்லாம் மூட்ட கட்டின பிறகு ஆடு மேய்ச்சுட்டு வந்த தாத்தாவுக்காக மறுபடி பெட்டிய தொறந்து செல்போன் லைட்ல பாத்தீங்களே, அத ஊர்ல யாரும் மறக்கல.

அடுத்த தடவ வரும்போது ஆடிப்பெருக்கு முடிஞ்சு வாங்க, ஆடிப்பெருக்கு நேரம் ஒகேனக்கல் ரோடு முழுக்க வண்டியா இருக்கும், பாதி ஜனங்க ஆத்துல இருக்கும். காது டாக்டர் ஒருத்தரும் கூட வந்தா நல்லா இருக்கும், காது கேக்காத பெரியவங்க நெறைய பேர் இருக்காங்க, பேர் எழுதி வெச்சிருக்கோம். ரூம் இந்த தடவ பத்தல, அங்கன்வாடியையும் கேட்டு வெக்கிறோம், வரிசை பாத்துக்க காலேஜ் பசங்க நாங்க இருக்கோம்னு சொல்லிட்டாங்க. சுகர் இருக்கறவங்க எல்லாரும் மூணு மாச டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்ட கையில வெச்சுட்டு நிப்பாங்க, நீங்க கேக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
எங்க ஊர் ஜனங்க, கொட்டாய்க்காரங்க, மகளிர் குழு, ஸ்கூல் புள்ளைங்க எல்லாரும்