கடைசிப் பெட்டி

கோவில்பட்டியிலிருந்து ஊர் திரும்பும் மாலைப் பேருந்தில்தான் கயல்விழிக்கு அது முதன்முதலாக வந்தது. தேர்வோ சண்டையோ எதுவும் இல்லாத சாதாரணப் புதன்கிழமை அது. திடீரென்று நெஞ்சு இறுகியது. எவ்வளவு இழுத்தும் மூச்சு போதவில்லை. விரல் நுனிகள் மரத்தன. இன்னும் சில நொடிகளில் செத்துவிடுவோம் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. பாதி வழியில் இறங்கி, சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தாள்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். "இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. நீ நடிக்கவும் இல்லை," என்றார் மருத்துவர். ஆபத்து வந்தால் ஓடித் தப்புவதற்காகச் சுரக்கும் அட்ரினலின் ஆபத்தே இல்லாத நேரத்தில் சுரந்துவிட்டது என்றும், வேகவேகமாக மூச்சு வாங்கியதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்தன என்றும் விளக்கினார். "பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். அதை அடக்கப் பார்க்காதே, தப்பி ஓடவும் பார்க்காதே. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கு."

எல்லாம் புரிந்தது. ஆனாலும் மறுநாள் அவள் பேருந்தில் ஏறவில்லை. அப்பா தினமும் பைக்கில் கொண்டுபோய் விட்டார். அடுத்த வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்க பயமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் வகுப்பில் கதவோர இருக்கை கேட்டு வாங்கினாள். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்க, பயம் குறையாமல் வளர்ந்துகொண்டே போனது.

தாத்தா 31 ஆண்டுகள் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"கூட்ஸ் வண்டி வரும்போது நான் என்ன செய்வேன், தாயி?"

"கேட்டை மூடிட்டுக் கொடியோட நிப்பீங்க."

"வண்டிய நிறுத்த முடியுமா? முடியாது. தரையே அதிரும், காது அடைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கே கால் நடுங்கும். அப்புறம் பெட்டிய எண்ணப் பழகிட்டேன். அம்பத்தெட்டுப் பெட்டி இருந்தாலும் கடைசின்னு ஒண்ணு உண்டு. அதுல எல்.வி.ன்னு ஒரு பலகை தொங்கும், ராத்திரின்னா சிவப்பு விளக்கு எரியும். அதப் பாத்தாத்தான் வண்டி முழுசாப் போயிருச்சுன்னு அர்த்தம். அது வரைக்கும் நிக்கணும், அவ்வளவுதான்."

திங்கட்கிழமை மாலை கயல்விழி பேருந்தில் ஏறினாள். நான்காவது நிறுத்தம் தாண்டியதும் உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சுக்குள் அந்தப் பழைய இறுக்கம் தொடங்கியது. இறங்கிவிடு, இறங்கிவிடு என்று உடம்பு முழுவதும் கத்தியது. அவள் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி குளிர்ச்சியாக இருந்தது. ஓரிடத்தில் பச்சைப் பெயின்ட் உரிந்து, துரு விரலில் சொரசொரத்தது. வண்டி வருகிறது, வரட்டும் என்று நினைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக, விளக்கை ஊதி அணைப்பதைப் போல நீளமாக வெளியே விட்டாள். ஒன்று. மறுபடியும் விட்டாள். இரண்டு.

பதினேழில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, எண்ணிக்கை தவறியது. தவறினாலும் வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும் என்று மீண்டும் பதினேழிலிருந்தே தொடங்கினாள். இருபத்தொன்பதில் சற்றுத் தணிந்தது போலிருந்தது. முடிந்துவிட்டது என்று மகிழ்வதற்குள் இன்னொரு முறை பொங்கி வந்தது. கண்ணில் நீர் நிறைந்தது. பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த பாட்டி, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாமென்று தலையசைத்தாள். அந்த முருங்கைக்காயின் பச்சை வாசனையும் இப்போது அவளுக்குத் தெரிந்தது.

நாற்பதைத் தாண்டிய பிறகு எப்போது எண்ணுவதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டில் யாரோ ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார்கள். விரல்களில் உணர்வு திரும்பியிருந்தது. முழங்கால்கள் மட்டும் இன்னும் தளர்ந்திருந்தன.

ஊர் நிறுத்தத்தில் தாத்தா டார்ச் விளக்கோடு நின்றிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எத்தனை பெட்டி?"

"நாப்பதுக்கு மேல எண்ணுனது ஞாபகம் இல்ல, தாத்தா."

"கடைசிப் பெட்டியப் பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் கயல்விழி. "நாளைக்கு அப்பாவ பைக் எடுக்க வேண்டாம்னு சொல்லிருங்க."