இரண்டாம் ரிவ்யூ உரை: போர்வெல் மோட்டாருக்கான டிரை ரன் பாதுகாப்புக் கருவி

துறைத் தலைவர் அவர்களுக்கும், ரிவ்யூ குழுப் பேராசிரியர்களுக்கும், எங்கள் கைடு அவர்களுக்கும் வணக்கம்.

முதல் ரிவ்யூவில், போர்வெல்லில் தண்ணீர் வற்றியதும் மோட்டாரின் மின்னோட்டம் குறைவதைக் கண்டறிந்து அதை நிறுத்தும் கருவியைச் செய்வதாகக் கூறியிருந்தோம். ESP32 போர்டு, ரிலே, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி ஆகிய மூன்றும் இன்று இயங்குகின்றன. பொங்கலூர் அருகே ஒரு தென்னந்தோப்பில், 5 ஹெச்பி மும்முனை மோட்டாரில் கருவியைப் பொருத்தி பன்னிரண்டு நாட்கள் அளவெடுத்திருக்கிறோம்.

அந்த அளவீடுகள்தான் எங்கள் அடிப்படை எண்ணத்தையே மாற்றின. தண்ணீர் முழுமையாக வரும்போது 7.4 ஆம்பியராக இருந்த மின்னோட்டம், தோட்டக்காரர் சொல்வதுபோல் போர் 'காத்து வாங்கும்'போது 4.6 ஆம்பியராகக் குறைந்தது. ஆனால் சொட்டுநீர்க் குழாயின் ஃபில்டர் அடைத்துக்கொண்ட ஒரு நாளில், தண்ணீர் இருந்தும் மின்னோட்டம் 5.4 ஆம்பியருக்கு இறங்க, கருவி மோட்டாரைத் தவறாக நிறுத்திவிட்டது. சுமையே இல்லாவிட்டாலும் இண்டக்‌ஷன் மோட்டார் காந்தப்புலத்திற்கான மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும் என்பதால், ஆம்பியரை மட்டும் வைத்து இவ்விரு நிலைகளையும் நம்பிக்கையோடு பிரிக்க இயலாது. பவர் ஃபேக்டரையும் சேர்த்து உண்மைத் திறனைக் கணக்கிட்டபோது, அடைப்பின்போது 2.6 கிலோவாட், வறண்டபோது 1.3 கிலோவாட் எனச் சரிபாதி இடைவெளி கிடைத்தது. இது பாடப்புத்தகத்திலேயே உள்ள செய்திதான். தோட்டத்திற்குப் போன பிறகே எங்களுக்கு உறைத்தது.

இதற்காக ZMPT101B மின்னழுத்த உணரியைச் சேர்த்தோம். ஒரு பேஸை மட்டும் அளந்து மும்மடங்காக்குகிறோம்; பேஸ்கள் சமமின்றி இருந்தால் இதில் பிழை வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம். ACS712 உணரியின் வெளியீடு முழுச்சுமையில் 3.2 வோல்ட்டை எட்டுவதால், ESP32 அந்த உச்சிப் பகுதியைச் சரியாகப் படிப்பதில்லை. ஆகவே வயரை வெட்டாமலே மாட்டக்கூடிய SCT-013-030 உணரிக்கு மாறுகிறோம். SIM800L செய்தி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுத்ததால் போர்டு ரீசெட் ஆனது. அதற்குத் தனி மின்வழங்கி கொடுத்தபின் அச்சிக்கல் தீர்ந்தது.

திட்டமிட்டதைவிடப் பதினைந்து நாட்கள் பின்தங்கியிருக்கிறோம். புதிய உணரியைப் பொருத்தி அளவு திருத்தும் பணியை மார்ச் 14க்குள் முடித்து, 16 முதல் 28 வரை அதே தோட்டத்தில் மீண்டும் சோதிப்போம். மோட்டாரை வேண்டுமென்றே வறட்சியில் ஓட்டினால் பேரிங் கெட்டுவிடும் என்பதால், தண்ணீர் தானாக வற்றும் நேரங்களுக்காகவே காத்திருக்க வேண்டியுள்ளது. இந்தக் கோடையில் அது அரிதாக இருக்காது. அறிக்கையின் முதல் வரைவை ஏப்ரல் 6 அன்று கைடிடம் ஒப்படைப்போம்.

முதல் ரிவ்யூவில் சொன்ன மொபைல் ஆப்பை இக்காலத்திற்குள் முடிக்க இயலாது. தோட்டக்காரருக்குக் குறுஞ்செய்தியே போதுமானதாக இருப்பதால், அதைத் திட்டத்திலிருந்து நீக்கக் குழுவின் ஒப்புதலைக் கோருகிறோம்.