வீரவநல்லூர், காருகுறிச்சி வட்டாரத்தில் இணையத் தடை: மாலை 4.00 மணி நிலவரம்

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று மதியம் 1.40 மணியிலிருந்து வீரவநல்லூர், காருகுறிச்சி, வெள்ளாங்குளி, கூனியூர், அரிகேசவநல்லூர் ஆகிய ஊர்களில் நம் இணைய இணைப்பு முழுவதுமாக நின்றிருக்கிறது. சேரன்மகாதேவிக்கும் காருகுறிச்சிக்கும் நடுவில் சாலையோரம் குழாய் பதிக்கத் தோண்டியபோது பிரதான ஃபைபர் கேபிள் அறுந்துவிட்டது. இன்றிரவு 8.30 மணிக்கும் 10.30 மணிக்கும் இடையில் இணைப்பு திரும்பும் என்று எதிர்பார்க்கிறோம். அடுத்த தகவல் மாலை 6.00 மணிக்கு. வேலை நகர்ந்திருந்தாலும் சரி, நகராமல் இருந்தாலும் சரி, 6.00 மணிக்குக் கட்டாயம் எழுதுவோம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

மதியத்திலிருந்து வருகிற போன்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, பெட்டியில பச்சை லைட்டு எரியுதே, நெட்டு மட்டும் ஏன் வரல?" நியாயமான கேள்வி. உங்கள் வீட்டுப் பெட்டியில் PON என்ற இடத்தில் எரியும் பச்சை விளக்கு, உங்கள் வீட்டிலிருந்து வீரவநல்லூரில் உள்ள நம் அலுவலகம் வரை லைன் நன்றாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது. அறுந்தது அதற்கு அப்பால், நம் அலுவலகத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் லைன். அதனால் பெட்டியை அணைத்துப் போட்டாலும், வயரைக் கழற்றி மாட்டினாலும் இப்போதைக்குப் பலன் இருக்காது.

பெட்டியின் பின்பக்கம் ஊசி போட்டு அழுத்தும் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். தயவுசெய்து அதை மட்டும் அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் பெட்டியில் ஏற்றி வைத்திருக்கும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். இரவு எல்லோருக்கும் நெட் வந்த பிறகும் உங்கள் வீட்டில் வராது. ஆள் வந்து மறுபடி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

LOS என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது வேறு சங்கதி. உங்கள் தெருவிலோ வீட்டு லைனிலோ தனியாக ஒரு கோளாறு இருக்கிறது என்று பொருள். அவர்கள் மட்டும் இப்போதே சொல்லுங்கள். காலையில் ஆள் அனுப்பும் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

இனி, என்ன நடந்தது என்று பார்ப்போம்.

மண்ணுக்கடியில் போகும் இந்தக் கேபிளை நாம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஜேசிபியின் வாளி அதில் மாட்டி இழுத்ததில் கேபிள் இரண்டாகப் போனது. கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக அறுந்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரு ஜாயின்ட் போட்டு முடித்திருக்கலாம். இழுபட்டு அறுந்தால் அப்படிச் செய்ய முடியாது. மேல் உறை முழுசாகத் தெரிந்தாலும், உள்ளே கண்ணாடி இழைகள் குழியிலிருந்து பல மீட்டர் தள்ளியும் உடைந்து கிடக்கும். இரண்டு முனையிலிருந்தும் ஒளியை அனுப்பி, எவ்வளவு தூரத்தில் திரும்பி வருகிறது என்று அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு அளவையும் கூட்டினால் கேபிளின் மொத்த நீளத்துக்கு 70 மீட்டர் குறைகிறது. அந்தத் துண்டை நம்ப முடியாது. இருபுறமும் கொஞ்சம் கூடுதலாக விட்டு, 100 மீட்டர் புதுக் கேபிள் போட்டு, இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும்.

கேபிளில் 24 இழைகள். இரண்டு முனைக்கும் சேர்த்து 48 ஒட்டு. ஒவ்வோர் இழையாகத் தோலுரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராக வெட்டி, மெஷினில் வைத்து ஒட்டி, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடாக்க வேண்டும். தலைமுடி அளவுதான் இழை. அவசரப்பட்டு ஒன்று கோணலாக வெட்டுப்பட்டால் அதை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். நம் ஊர்களுக்கு இணையம் கொண்டுவரும் இழைகள் நான்கு. அவற்றை முதலில் ஒட்டித் தருவதாகக் கேபிள் உரிமையாளரின் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே 48 ஒட்டும் முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

"மாற்று லைன் இருக்கிறது என்று சொன்னீர்களே, அது எங்கே?" என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கமிருந்து கல்லிடைக்குறிச்சி வழியாகக் கம்பத்தில் வரும் லைன் அது. சனிக்கிழமை இரவுக் காற்றில் மரக்கிளை விழுந்து அதுவும் அறுந்தது. பிரதான லைன் ஓடிக்கொண்டிருந்ததால் உங்களுக்கு அது தெரியவில்லை. அதைச் சரிசெய்யும் வேலையை நாளை புதன்கிழமைக்கு வைத்திருந்தோம். அதற்குள் இது நடந்துவிட்டது. ஜேசிபியை மட்டும் காரணம் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிச் செய்திதான்.

மதியமே இரண்டு பேரைக் கல்லிடைக்குறிச்சிக்கு அனுப்பியாயிற்று. அந்த லைன் முதலில் சரியாகிவிட்டால் அதன் வழியாகவே எல்லோரையும் திருப்பிவிடுவோம். ஆனால் அதன் கொள்ளளவு குறைவு. வாட்ஸ்ஆப், பணப் பரிமாற்றம், மெயில் எல்லாம் போகும். ராத்திரி எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே நிற்கும்.

8.30 என்ற நேரத்தை எப்படிச் சொல்கிறோம் என்றால், ஒட்டும் வண்டி திருநெல்வேலியிலிருந்து 3.20க்கே வந்து சேர்ந்துவிட்டது. புதுக் கேபிளும் கையில் இருக்கிறது. சிக்கல் குழியில்தான். பிசானத்துக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. அதன் கசிவு குழிக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். தண்ணீர் சீக்கிரம் வற்றி, மழையும் வராமல் இருந்தால் 8.30. தூறல் போட்டால் தார்ப்பாய் கட்டிக்கொண்டுதான் ஒட்ட வேண்டும், ஈரக்காற்றில் ஒட்டு சரியாக நிற்காது, அப்போது 10.30 ஆகலாம். கனமழை பிடித்துக்கொண்டால் 10.30ம் தள்ளிப்போகும். அப்படி ஒரு நிலை வந்தால், உங்களைத் தூங்காமல் காக்க வைக்காமல், 8.30 மணித் தகவலிலேயே காலை நேரத்தைச் சொல்லிவிடுவோம்.

நாங்கள் கட்டணம் கட்டாததால் மேலே லைனை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி சுற்றுகிறது. அது உண்மை இல்லை. குழியின் போட்டோவையும் அறுந்த கேபிளின் போட்டோவையும் இந்த அறிவிப்போடு அனுப்பியிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு: சேரன்மகாதேவியில் உள்ள நம் கிளை அலுவலகத்துக்கு வேறு பக்கமிருந்து லைன் வருவதால் அங்கே இணையம் தடையில்லாமல் ஓடுகிறது. லேப்டாப்போடு வந்தால் ஆறு பேர் உட்கார இடமும் பிளக்கும் உண்டு. இரவு 10 மணி வரை திறந்திருக்கும். மீட்டிங் இருப்பவர்களுக்கு முதல் இடம்; மற்றவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

கடைக்காரர்களுக்கு: கியூஆர் அட்டைக்கு நம் இணைப்பு தேவையில்லை, வாடிக்கையாளரின் போன் டேட்டாவிலேயே பணம் வந்துவிடும். பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியில் தனி சிம் இருந்தால் அதுவும் பேசும். நம் வைஃபையில் மாட்டியிருந்தால் பேசாது, அதனால் போனில் பார்த்து உறுதி செய்துகொண்டு சரக்கைக் கொடுங்கள். காருகுறிச்சியில் அகல் விளக்கு வியாபாரம் செய்பவர்களுக்குத் திருக்கார்த்திகை ஆர்டர் வருகிற நேரம் இது என்பது தெரியும். போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளலாம். எப்படி என்று தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், போனிலேயே சொல்லித் தருகிறோம்.

கேமரா வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டில் ரெக்கார்டர் பெட்டி இருந்தால் பதிவு வழக்கம்போல் அதில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. துபாயிலோ சென்னையிலோ இருந்து போனில் பார்ப்பதுதான் முடியாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கேமரா இருட்டாகிவிட்டது என்று பதறி இரண்டு மூன்று பேர் எங்களுக்கே போன் செய்துவிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை போனில் பேசச் சொல்லுங்கள்.

எங்களிடம் சிம் போட்டு ஓட்டும் ரவுட்டர் இரண்டே இரண்டுதான் இருக்கின்றன. ஒன்றை ஒரு மருத்துவமனைக்கும் இன்னொன்றை ஒரு மருந்துக்கடைக்கும் கொடுத்துவிட்டோம். வேறு யார் கேட்டாலும் இன்று கொடுக்க இல்லை. ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இன்றைய தடைக்காக, மேலே சொன்ன ஊர்களில் உள்ள எல்லா இணைப்புக்கும் ஒரு நாள் கூட்டித் தருகிறோம். யாரும் கேட்க வேண்டியதில்லை, உங்கள் கணக்கில் தானாக ஏறிவிடும். நாளைக்கும் நீண்டால் இன்னொரு நாள். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் ஒரு நாளுக்கு 17 ரூபாய்கூட வராது. ஒரு கடையின் மதிய வியாபாரத்துக்கு அது ஈடாகாது என்பது எங்களுக்கும் தெரியும். இன்றும் நாளையும் கட்டண நாள் முடிகிறவர்களின் இணைப்பு துண்டிக்கப்படாது. வியாழக்கிழமை வரை பொறுத்துக் கட்டலாம்.

இணைப்பு திரும்பியதும் இதே எண்ணிலிருந்து செய்தி வரும். எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முயலும் என்பதால் முதல் பத்து நிமிடம் இழுத்துக்கொண்டு ஓடும். செய்தி வந்து கால் மணி நேரம் ஆகியும் நெட் வராவிட்டால், பெட்டியை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்புறமும் வராவிட்டால் கூப்பிடுங்கள். இன்று இரவு 11 மணி வரை போன் எடுப்போம்.

தகவல் வரும் நேரங்கள்: மாலை 6.00, இரவு 8.30. அதற்குப் பிறகும் வேலை முடியாமல் இருந்தால் 10.30. டேட்டா இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ் வரும். வீரவநல்லூர் அலுவலக வாசலில் உள்ள கரும்பலகையிலும் இதே நேரங்களில் எழுதிப் போடுவோம். அலுவலக எண் பிஸியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்க இருப்பது இரண்டு பேர், மற்ற எல்லோரும் லைனில் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
வீரவநல்லூர் அலுவலகம்