குழாயில் தொடர்ந்து வரும் சேற்று நீர் குறித்துப் புகார்

பெறுநர்:
உதவிப் பொறியாளர்,
குடிநீர் வழங்கல் துணைக் கோட்டம்,
அல்சூர், பெங்களூரு.

ஐயா,

வணக்கம். எங்கள் குறுக்குத் தெருவில் சாக்கடை வேலைக்காகப் பள்ளம் தோண்டி மூடியதிலிருந்து, காவிரித் தண்ணீர் திறந்துவிடும் நாளெல்லாம் முதல் அரைமணி நேரம் செம்மண் கலந்தே வருகிறது. சம்பின் அடியில் சேறு படிந்துவிட்டது. தொலைபேசியில் பலமுறை சொல்லியும், வந்து பார்த்த ஊழியர் "கொஞ்சம் விட்டால் தெளிந்துவிடும்" என்று போய்விட்டார். தெளிந்தபின்பும் சாக்கடை வாடை அடிக்கிறது. எனக்குப் பெரிய அச்சம் அதுதான். குழாயில் விரிசல் இருந்தால், தண்ணீர் நிறுத்திய நேரத்தில் அழுத்தம் குறைந்து வெளியே தேங்கும் கழிவுநீர் உள்ளே புகும். கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் தெரு இது.

குடிநீரின் கலங்கல் 1 என்டியு-வுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லையென்றால் மட்டுமே 5 வரை என்கிறது ஐஎஸ் 10500 தரநிலை. இந்த நீரைக் கண்ணால் பார்த்தாலே போதும்.

தண்ணீர் திறக்கும் நேரத்திலேயே மாதிரி எடுத்து, கலங்கல், எஞ்சிய குளோரின், கோலிஃபார்ம் மூன்றையும் சோதித்து முடிவை எழுத்தில் தாருங்கள். தோண்டிய இடத்தில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, குழாயைக் கழுவிவிடுங்கள். அதுவரை லாரித் தண்ணீரைக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். பாட்டிலில் பிடித்த நீரையும் படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
க. செல்வி
(தெருவாசிகள் கையொப்பம் இணைப்பில்)