தகராறு அறிவிப்பு: உட்பிரிவு 67.1-இன் கீழ் பொறியாளரின் முடிவு கோரி

அனுப்புநர்
திட்ட மேலாளர் (ஒப்பந்ததாரர் சார்பில்),
தள அலுவலகம், பர்கூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
பொறியாளர் அவர்கள்,
குடிநீர்க் குழாய்ப் பணி, தொகுப்பு 3,
கிருஷ்ணகிரி.

நாள்: 10.06.2024
கடித எண்: தொ3/தகராறு/01
நேரில் ஒப்படைக்கப்படுகிறது

பொருள்: சங்கிலித் தொலைவு 6,400 முதல் 9,150 மீட்டர் வரை தோண்டிய பள்ளத்தில் கடினப்பாறையை மென்பாறை என்று வகைப்படுத்தியது – ஒப்பந்த நிபந்தனைகள் உட்பிரிவு 67.1-இன் கீழ் தகராறு முன்வைப்பு – முடிவு கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நம் ஒப்பந்தம் ஃபிடிக் பொது நிபந்தனைகளின் நான்காம் பதிப்பின்படி (1987) அமைந்தது. அதன் உட்பிரிவு 67.1-இன் கீழ் இந்தத் தகராறை உங்கள் முன் வைக்கிறோம். இந்தக் கடிதம் அந்த உட்பிரிவின்படிதான் எழுதப்படுகிறது என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறோம். 20.05.2024 தேதியிட்ட உங்கள் பதில் எங்கள் கோரிக்கையை மறுக்கிறது. ஆனால் அது 67-ஆம் பிரிவின்படியான முடிவு என்று அதில் எங்கும் இல்லை. அதனால் அதை அப்படி எடுத்துக்கொள்ளாமல் இதை முறைப்படி அனுப்புகிறோம். நகல் இன்றே பணி உரிமையாளருக்கும் போகிறது. தளக் கடிதங்கள் தமிழில் இருக்கலாம் என்று தொடக்கக் கூட்டத்தில் முடிவானபடி தமிழில் எழுதியிருக்கிறோம்.

தகராறு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேற்படி 2,750 மீட்டரில் மொத்தம் 3,960 கன மீட்டர் தோண்டியதாக இரு தரப்பும் ஒத்துக்கொண்ட அளவு இருக்கிறது. மட்டங்களில் சண்டை இல்லை. இதில் மண் 1,237 கன மீட்டர் என்பதிலும் சண்டை இல்லை. மீதி 2,723 கன மீட்டரையும் ஏழாவது இடைக்காலச் சான்றிதழில் (11.03.2024) உங்கள் பிரதிநிதி ‘மென்பாறை’ என்று போட்டுவிட்டார். அதில் 1,980 கன மீட்டர் கடினப்பாறை, வெடி வைக்கத் தடையுள்ள இடத்தில் எடுத்தது, விலைப்பட்டியலின் 4-ஆம் இனத்தில் வர வேண்டியது என்பது எங்கள் நிலை.

டிசம்பர் 4, 2023 அன்று காலை சங்கிலித் தொலைவு 6,400-இல் பொக்லைன் இறங்கியது. அரை மீட்டர் வரை செம்மண். அதற்குக் கீழே ஓர் அடி அளவுக்குப் பக்கெட் பல்லுக்கே பெயர்ந்து வரும் சிதைந்த பாறை. அதை மென்பாறை என்றுதான் நாங்களும் எழுதினோம், இன்றும் அதில் மாற்றம் இல்லை. அதற்கும் கீழே பக்கெட் வழுக்கியது. பிரேக்கர் வண்டி வந்து உளி இறங்கியபோது முதல் அரை மணி நேரத்தில் கிடைத்தது வெள்ளைத் தூளும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவும்தான். அன்றைய இயந்திரப் பதிவேட்டில் ஆபரேட்டர் எழுதியிருப்பது இரண்டே வரி: “மதியம் வரை 4 அடி. உளி மாத்தியாச்சு.” பணி முடியும் வரை பதினொரு உளிகள் மாற்றினோம். தேய்ந்த உளிகள் எல்லாம் தள அலுவலகக் கிடங்கில் தேதி எழுதிக் கட்டி வைத்திருக்கின்றன. வந்து பார்க்கலாம்.

வெடி ஏன் வைக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். சிறப்பு விவரக்குறிப்பின்படி குடியிருப்புகளிலிருந்து 200 மீட்டருக்குள் வெடிமருந்துக்கு அனுமதி இல்லை. இந்த நீளம் முழுக்க வீட்டு வாசல்களை ஒட்டியே போகிறது. சில இடங்களில் பள்ளத்தின் கரைக்கும் திண்ணைக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இல்லை. 07.12.2023 அன்று எழுத்தில் கேட்டோம். வெடி கூடாது, பிரேக்கரில்தான் எடுக்க வேண்டும் என்று உங்கள் பிரதிநிதி மறுநாளே எழுத்தில் சொன்னார். அந்தக் கடிதம் இணைப்பு 2.

இனி மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுக்கு வருகிறோம்.

முதல் காரணம், “வெடி வைக்காமலே எடுத்தாகிவிட்டது, ஆகவே அது கடினப்பாறை அல்ல” என்பது. இதைத்தான் எங்களால் ஏற்கவே முடியவில்லை. நம் ஒப்பந்தத்தின் அளவீட்டு முறை ஐ.எஸ். 1200, பகுதி 1-ஐப் பின்பற்றுகிறது. அந்தத் தரத்தில் மென்பாறை ஒரு வகை, வெடி தேவைப்படும் கடினப்பாறை ஒரு வகை, அதே கடினப்பாறை ஏதோ ஒரு காரணத்தால் வெடி தடைசெய்யப்பட்டு உளியாலோ ஆப்பாலோ வேறு ஒத்துக்கொண்ட முறையாலோ எடுக்கப்படுவது தனி வகை. நம் விலைப்பட்டியலின் 4-ஆம் இனம் இந்தக் கடைசி வகைதான். பாறை எந்த வகை என்பதை அதன் தன்மை தீர்மானிக்கிறது, எடுத்த கருவி அல்ல. வெடி வைத்தால்தான் கடினப்பாறை என்று வைத்துக்கொண்டால், ‘வெடி தடை’ என்று தலைப்பிட்ட இனத்தில் ஒரு கன மீட்டரைக்கூட எந்தக் காலத்திலும் அளக்க முடியாது. டெண்டரில் 600 கன மீட்டர் போட்டு விலை கேட்ட ஓர் இனத்தை அப்படிப் படிப்பது சரியாகாது.

தன்மை என்று சொன்னதால் ஆதாரமும் தருகிறோம். உங்கள் உதவிப் பொறியாளர் முன்னிலையில் ஆறு இடங்களில் எடுத்து முத்திரையிட்ட பாறைத் துண்டுகளின் அமுக்க வலிமை 92 முதல் 138 மெகா பாஸ்கல் வரை வந்திருக்கிறது. கடப்பாறைக்கும் பிக்காசுக்கும் பெயர்கிற பாறையில் இந்த எண் வராது.

இரண்டாவது காரணம் 20.05.2024 கடிதத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாறை இருக்கும் என்பது அனுபவமுள்ள எந்த ஒப்பந்ததாரருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அது. தெரியும், ஐயா. இங்கிருந்து கிரானைட் எங்கெல்லாமோ போகிறது. பர்கூர் சாலையில் ஒரு நாள் நின்றால் கல் ஏற்றிய லாரிகளை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் இந்த வாதம் எங்கள் கோரிக்கைக்குப் பொருந்தவே இல்லை. எதிர்பாராத தடை வந்தது என்று உட்பிரிவு 12.2-இன் கீழ் நாங்கள் கேட்கவில்லை. பாறை வரும் என்று உரிமையாளரும் எதிர்பார்த்தார், நாங்களும் எதிர்பார்த்தோம். அதனால்தான் அதற்கு ஓர் இனமும் ஒரு விலையும் பட்டியலில் இருக்கின்றன. அந்த விலையைத்தான் கேட்கிறோம். பட்டியலில் 600 என்று இருந்தது 1,980 ஆனது சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். உட்பிரிவு 55.1-இன்படி பட்டியல் அளவுகள் மதிப்பீடு மட்டுமே. செய்த வேலையின் மதிப்பை உட்பிரிவு 56.1-இன்படி அளந்து முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, எங்கள் ஆள் எம்.புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. போட்டார். பக்கம் 41 முதல் 58 வரை ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே “மட்டம் சரி, வகை ஏற்கவில்லை” என்று எழுதித்தான் போட்டிருக்கிறார். நகல் இணைப்பு 4.

எங்கள் பக்கம் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். முதலில் நாங்கள் எழுதிய அளவு 2,059 கன மீட்டர். சங்கிலித் தொலைவு 7,820-ஐ ஒட்டிய சிறு நீளத்தில் பாறை மேல்மட்டத்தைக் கூட்டாக எடுப்பதற்கு முன்பே எங்கள் ஆட்கள் உடைத்துவிட்டார்கள். புகைப்படமும் இல்லை. அந்த 79 கன மீட்டரை நாங்களே விட்டுவிட்டோம். இப்போது கேட்கும் 1,980-க்கு ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கூட்டு மட்டக் குறிப்பு இருக்கிறது.

தொகை: மென்பாறைக்குக் கன மீட்டருக்கு 410 ரூபாய் சான்றளிக்கப்பட்டது. 4-ஆம் இனத்தின் விலை 1,690 ரூபாய். வித்தியாசம் 1,280 ரூபாய். 1,980 கன மீட்டருக்கு 25,34,400 ரூபாய். விலை ஒப்பந்த விலையேதான், புதிதாக எதையும் நாங்கள் சேர்க்கவில்லை.

காலம்: ஒப்புக்கொண்ட பணித் திட்டம் 600 கன மீட்டர் கடினப்பாறையை வைத்துப் போட்டது. கூடுதலாக வந்தது 1,380. பதிவேட்டின்படி ஒரு பிரேக்கர் நாளுக்கு 18 கன மீட்டர் எடுத்தது, இரண்டு வண்டிக்கு 36. ஆக 38 நாள். அதே அளவு மென்பாறையாக இருந்திருந்தாலும் ஆறு நாள் ஆகியிருக்கும். அதைக் கழித்து 32 நாள் நீட்டிப்பை உட்பிரிவு 44.1-இன் கீழ் கேட்கிறோம். பொங்கல் விடுமுறை நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அறிவிப்புகள் காலத்தில் தரப்பட்டவை. கால நீட்டிப்புக்கான அறிவிப்பு 12.12.2023 அன்றும், உட்பிரிவு 53.1-இன் அறிவிப்பு சான்றிதழ் வந்த பதினோராம் நாள் 22.03.2024 அன்றும், விவரக் கணக்கு 15.04.2024 அன்றும் உங்கள் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறோம்.

ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்பவை இவை. 1,980 கன மீட்டரை 4-ஆம் இனத்தில் வகைப்படுத்த வேண்டும். 25,34,400 ரூபாயை அடுத்த இடைக்காலச் சான்றிதழில் சேர்க்க வேண்டும். பணி முடிக்கும் காலத்தை 32 நாள் நீட்டிக்க வேண்டும். தாமதத்துக்கு உட்பிரிவு 60.10-இன்படி வட்டி உண்டா, எந்த நாளிலிருந்து என்பதையும் சொல்ல வேண்டும். நான்கையும் ஒன்றாக ஏற்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, காரணத்தோடு முடிவு தந்தால் மீதி எதைப் பேச வேண்டும் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

உட்பிரிவு 67.1-இன்படி இதைப் பெற்றதிலிருந்து 84-ஆம் நாளுக்குள், அதாவது 02.09.2024-க்குள் உங்கள் முடிவு இரு தரப்புக்கும் வர வேண்டும். அது அந்த உட்பிரிவின்படியான முடிவு என்று அதிலேயே குறிப்பிடவும். முடிவு வராவிட்டாலோ, வந்து எங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டாலோ, அடுத்த 70 நாளுக்குள் நடுவர் மன்றம் செல்லும் எண்ணத்தை அறிவிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறோம். அதுவரை வேலை நிற்காது. இன்று 11,300-இல் குழாய் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். காகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 8,240-இல் ஏரிக்கரைப் புளியமரத்துக்கு எதிரே மூன்று மீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தை மூடாமல் வேலி போட்டு வைத்திருக்கிறோம். பக்கச் சுவரில் மண், சிதைந்த பாறை, கெட்டிப் பாறை மூன்றும் கோடு போட்டதுபோல் தெரியும். மழை இறங்கினால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். ஜூன் மாதத்துக்குள் ஒரு நாள் சொன்னால், உங்கள் பிரதிநிதியும் உரிமையாளர் தரப்பும் இருக்கும்போது ஒரு பிரேக்கரையும் ஒரு கடப்பாறையையும் அங்கே கொண்டு வந்து வைக்கிறோம். இரண்டையும் போட்டுப் பார்க்கலாம்.

உட்பிரிவு 2.6 உங்களிடம் நடுநிலையை எதிர்பார்க்கிறது. உங்கள் பிரதிநிதியின் வகைப்படுத்தலைப் புதிதாகப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திட்ட மேலாளர்
ஒப்பந்ததாரருக்காக

இணைப்புகள்: 1. கூட்டு மட்டக் குறிப்புகளும் அளவுக் கணக்கும். 2. வெடி அனுமதி தொடர்பான கடிதங்கள். 3. பாறைத் துண்டுச் சோதனை அறிக்கை. 4. எம்.புக் பக்கங்கள் 41–58. 5. பிரேக்கர் இயந்திரப் பதிவேடு, டிசம்பர் 2023 முதல் பிப்ரவரி 2024 வரை. 6. முந்தைய அறிவிப்புகளும் உங்கள் 20.05.2024 பதிலும்.

நகல்: பணி உரிமையாளர் (உட்பிரிவு 67.1-இன்படி, எல்லா இணைப்புகளுடனும்).