சின்னவன் பேசுகிறேன், அப்பத்தா

13.1.2026, செவ்வாய் இரவு. மூன்று வாய்ஸ் மெசேஜ், தனித்தனியாக. மின்விசிறியை நிறுத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேச வேண்டும். அப்பத்தாவுக்கு வலது காது மந்தம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு விட வேண்டும். கோடு போட்ட இடத்தில் இரண்டு மூச்சு.

முதலாவது: வீட்டில் எல்லோருக்கும்

அப்பத்தா. பெரியப்பா. பெரியம்மா. தம்பி. நான் சின்னவன் பேசுகிறேன். சிங்கப்பூரிலிருந்து பேசுகிறேன்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

—

தம்பி, போனைக் காதில் வைக்காதே. காதில் வைத்தால் உனக்கு மட்டும்தான் கேட்கும். திண்ணையில் வை. சத்தத்தைக் கூட்டு. எல்லோரும் கேட்கட்டும்.

இன்றைக்கு மூன்று மெசேஜ் அனுப்புகிறேன். இது எல்லோருக்கும். அடுத்தது அப்பத்தாவுக்கு. கடைசி, பெரியம்மாவுக்கு. யாருக்காவது சரியாகக் கேட்கவில்லை என்றால், அந்த முக்கோணத்தை மறுபடி தொட்டால் போதும். முதலிலிருந்து பேசுவேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள்.

—

நாளைக்குப் போகி. நாளை மறுநாள், வியாழக்கிழமை, பொங்கல். நீங்கள் அங்கே காலை ஆறரைக்குப் பானை வைக்கும்போது இங்கே மணி ஒன்பது. இங்கே பொங்கலுக்கு லீவு கிடையாது. நான் யார்டில் வேலையில் இருப்பேன். அதனால் அந்த நேரம் போன் செய்ய முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம், உங்களுக்கு ஆறு மணி ஆகும்போது, வீடியோ காலில் வருகிறேன். வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி.

—

பெரியப்பா, மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்தாயிற்றா? செவலைக்கு இந்த வருஷம் புதுக் கயிறு வாங்குங்கள். பழையது கழுத்தை அறுக்கிறது என்று போன தடவை சொன்னீர்கள். அப்புறம், சனிக்கிழமை சிராவயல் மஞ்சுவிரட்டுக்குத் தம்பி போவான், தெரியும். போகட்டும். ஆனால் தம்பி, நீ வேலிக்கு வெளியே நின்று பார். பொட்டலுக்குள் இறங்காதே. அண்ணன் கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டாவது: அப்பத்தாவுக்கு மட்டும்

அப்பத்தா. நான் சின்னவன்.

உன் குரலைக் கேட்டு எட்டு நாள் ஆகிறது. போன வாரம் நீ அனுப்பியது வந்தது. "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டாய். அதோடு நின்றுவிட்டது. விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டாய் போல. பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் ராத்திரி படுக்கும்போது தினமும் கேட்கிறேன்.

—

இப்போது சொல்லித்தருகிறேன், கேள். போனில் கீழே, வலது கை ஓரத்தில், பச்சை வட்டம் இருக்கும். உள்ளே மைக் படம். அதை விரலால் அழுத்திக்கொள். அழுத்தியபடியே பேசு. பேசி முடிக்கும்வரை விரலை எடுக்காதே. முடித்த பிறகு எடு. தானாக எனக்கு வந்துவிடும். எழுதத் தெரிய வேண்டாம். படிக்கத் தெரிய வேண்டாம். பேசினால் போதும். நீ பேசத் தொடங்கினால்தான் ஊரே நின்று கேட்குமே!

—

அப்பத்தா, ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனேன். நம் ஆட்கள் நிறைய இருக்கிற இடம். கேம்பல் லேன் என்று ஒரு சந்து. அங்கே கரும்பு கட்டுக்கட்டாகச் சாத்தியிருந்தார்கள். மண்பானை, மஞ்சள் கொத்து, வாழையிலை, எல்லாம் வந்திருக்கிறது. ஒரு மஞ்சள் கொத்தை எடுத்து மோந்து பார்த்தேன். வேர் மண்ணோடு இருந்தது. பானைக் கழுத்தில் நீ மஞ்சளைக் கட்டும்போது, நூலைப் பல்லால் கடித்து அறுப்பாயே, அது ஞாபகம் வந்தது. அந்தக் கொத்தை வாங்கிவிட்டேன். என் கட்டில் கம்பியில் கட்டியிருக்கிறேன். ரூமில் எல்லோரும் "ஊர் வாசனை" என்கிறார்கள். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பாதிப் பேர் புதுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம்.

—

இந்த வருஷமும் நீதான் முதல் கைப் பச்சரிசி போட வேண்டும். உட்கார்ந்தே போடு. குனிந்து அடுப்பை ஊதாதே. கண் ஆபரேஷன் செய்து மூன்று வாரம்தான் ஆகிறது. புகை படக் கூடாது. ஓலையைத் தள்ளுகிற வேலையைத் தம்பி பார்க்கட்டும். நீ நாற்காலியில் உட்கார்ந்து, பானை எந்தப் பக்கம் பொங்குகிறது என்று சொல். கிழக்கே பொங்கினால் எனக்குச் சொல்லி அனுப்பு. வேறு பக்கம் பொங்கினாலும் சொல்லி அனுப்பு.

சொட்டு மருந்தை விடாதே. டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை போட வேண்டும். கண்ணைக் கசக்காதே, அப்பத்தா.

மூன்றாவது: பெரியம்மாவுக்கு

பெரியம்மா, இது பண விஷயம். மெதுவாகச் சொல்கிறேன்.

உங்கள் பேங்க் கணக்கில் 5000 ரூபாய் போட்டிருக்கிறேன். 5000. அதாவது 500 ரூபாய் நோட்டு பத்து. நாளைக்குப் பேங்குக்குப் போகும்போது தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டை நீங்களே எண்ணி வாங்குங்கள்.

அதில் இரண்டு நோட்டு அப்பத்தாவுக்குச் சேலை எடுக்க. பருத்திதான் வேண்டும், பாலியெஸ்டர் வேண்டாம், உடம்பில் அரிக்கிறது என்பாள். ஒரு நோட்டு கண் மருந்துக்கு. மீதி ஏழும் உங்கள் கையில் இருக்கட்டும். வெல்லம், நெய், முந்திரி எல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையில் கரும்பு கொடுத்திருந்தால் வெளியே வாங்க வேண்டாம்.

—

இன்னொன்று, இதுதான் முக்கியம். யாராவது போன் செய்து, "பேங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், சொல்லாதீர்கள். "பொங்கல் பணம் வந்திருக்கிறது" என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீர்கள். போனை வைத்துவிடுங்கள். நான் ஒரு நாளும் அந்த நம்பரைக் கேட்க மாட்டேன், பெரியம்மா. நம் ரூம் பையன் ஒருவனுடைய அம்மா இப்படிச் சொல்லிவிட்டு, எட்டு மாதச் சேமிப்பை ஒரே நிமிஷத்தில் இழந்தார்கள். அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

—

சரி. கடைசியாக ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை காலையில் பானை பொங்கும் நேரத்தில் தம்பியிடம் சொல்லி அந்தப் பச்சை வட்டத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். எனக்குப் போட்டோ வேண்டாம். அப்பத்தா முதலில் "பொங்கலோ பொங்கல்" என்பாள், அப்புறம் எல்லோரும் சேர்ந்து கத்துவீர்களே, அந்தச் சத்தம் வேண்டும். ஒன்பது மணிக்கு வேலையில் எடுத்துக் கேட்க முடியாது. டீ நேரத்தில் கேட்பேன். நானும் இங்கிருந்து கத்துவேன்.

வைக்கட்டுமா, பெரியம்மா. வைக்கிறேன்.