எழுபது வளைவு ஏறி வந்த டீச்சருக்கு

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளே, கொஞ்சம் அமைதியாக உட்காருங்கள். பாயசம் எங்கேயும் ஓடிப்போகாது.

டீச்சர், ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் நான் நன்றி சொல்ல முடியும். போன ஜூனில் நீங்கள் கொல்லிமலைக்கு முதல்முறை வந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பத்தெட்டாவதிலேயே வாந்தி வந்துவிட்டதாகச் சொன்னீர்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் பாடம் எடுக்க வந்த பொண்ணு. ஆடி பிறப்பதற்குள் கீழே இறங்கிவிடும் என்று அன்று ராத்திரி வீட்டில் சொன்னேன். என் மனைவி இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். இந்த ஒரு வருஷமாக அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

நம்முடையது ஈராசிரியர் பள்ளி. அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர். ஒருவர் மீட்டிங் என்று செம்மேட்டுக்குப் போனால் மிச்சம் ஒரே ஆள். மூன்றாவது ஆளாக நீங்கள் வந்ததே பெரிய உதவி. ஆனால் அதற்காக மட்டும் இந்த விழா இல்லை.

ஆடிப் பதினெட்டு சமயத்தில் வல்வில் ஓரி விழா வரும்போதெல்லாம் நான் அந்தக் கதையைச் சொல்வேன். ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் இருக்கிறது. பிள்ளைகள் கை தட்டுவார்கள், நான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நீங்கள் பின்னாலிருந்து எழுந்து, "சரி, அம்பு ஏன் உடும்போடு நின்றது?" என்று கேட்டீர்கள். வேகம் குறைந்துபோச்சு என்றான் ஒருவன். புற்று மண் கெட்டி என்றாள் ஒருத்தி. யானைத் தோலில் உரசியே அம்பு சூடாகியிருக்கும் என்றான் இன்னொருவன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் மிளகு. தை, மாசியில் பாதி வகுப்பு காலியாகிவிடும். பிள்ளைகள் அப்பா அம்மாவோடு மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். நான் திட்டுவேன், நோட்டில் ஆப்சென்ட் போடுவேன். நீங்கள் தோட்டத்துக்கே போனீர்கள். ஏணி பிடித்தீர்கள், சாக்கில் காய வைத்த மிளகைக் கிளறினீர்கள், சாயங்காலம் அங்கேயே தராசை வைத்துக் கணக்குப் பாடம் எடுத்தீர்கள். அதன் பலனை நான் கண்ணால் பார்த்தேன். நம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பெயர் சொன்னால் வெட்கப்படுவாள், பாட்டியோடு மிளகு போடப் போயிருந்தாள். மூணே கால் கிலோ, கிலோ அறுநூறு. கடைக்காரர் 1,900 ரூபாயை எண்ணி நீட்டினார். பாட்டி வாங்கி மடியில் முடியப் போனார். இவள் விரலைக் கூட மடக்கவில்லை. "இன்னும் அம்பது வரணும் மாமா" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அம்பது ரூபாய் வந்தது.

குளிர்காலத்தில் மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்து பலகையை மறைத்தபோது நீங்கள் எழுத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போனது, எஸ்டேட் வேலைக்குப் பெற்றோர் கிளம்பியபோது ஒரு பையனைப் பாட்டி வீட்டிலேயே விட்டுப்போகும்படி மூன்று முறை நடந்து போய்ப் பேசியது, எல்லாம் இந்த ஊருக்குத் தெரியும். அந்தப் பையன் இன்று உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கேட்டால் தர மாட்டான், முயற்சி செய்து பாருங்கள்.

ஜூனில் நாங்கள் மறுபடி ரெண்டு பேர்தான். தோட்டத்துக்குத் தராசை எடுத்துப்போகும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏணியில் மட்டும் என்னை ஏறச் சொல்லாதீர்கள், முழங்கால் ஒத்துழைக்காது.

ஊர் சார்பாக மிளகு ரெண்டு படி, ஒரு தேன் பாட்டில், பலாப்பழம் ஒன்று. பலாவைச் சென்னை வரை எப்படிக் கொண்டுபோவது என்று நான் கேட்டேன், யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் தனி உறையில் இருக்கின்றன. எழுத்துப்பிழை எதையும் நான் திருத்தவில்லை.

ரொம்ப நன்றி டீச்சர். நாலரை பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் துண்டு போட்டாயிற்று. இந்த எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அந்த முப்பத்தெட்டு முப்பத்து மூணாவதாக வரும். கணக்குப் போட்டுச் சொன்னது மூணாம் வகுப்பு.